அப்ரைசல் புள்ளியில் மேற்பார்வையாளரின் கை எவ்வளவு?

கொழும்பில் வாடிக்கையாளர் சேவை நிலையம் நடத்தும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மேற்பார்வையாளர்கள், ஒவ்வொருவரின் கீழும் ஆறு பேர். வருட முடிவில் அவர்கள் தம் ஊழியர்களின் வேலையை மதிப்பிட்டு 100க்குப் போட்ட அப்ரைசல் புள்ளிகள் இரண்டு பட்டியல்களாக மனிதவளப் பிரிவுக்கு வருகின்றன. எண்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்தவை. ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்களைப் பார்க்காத மனிதவள அலுவலர் இருக்கமாட்டார்.

முதலாவது மேற்பார்வையாளர் கொடுத்தவை: 91, 90, 87, 87, 85, 82.
இரண்டாமவர் கொடுத்தவை: 81, 72, 66, 66, 57, 54.

85க்கு மேல் அல்லது 85 எடுத்தவர்களுக்குத்தான் மேலதிக சம்பள ஏற்றம் என்பது விதி. முதல் குழுவில் ஐந்து பேருக்குக் கிடைக்கும், இரண்டாவது குழுவில் ஒருவருக்கும் கிடைக்காது. இரண்டாவது குழுவின் மிகச் சிறந்த ஊழியர் முதல் குழுவின் கடைசி ஆளைவிட ஒரு புள்ளி குறைவு. ஒரே கட்டடம், ஒரே தொலைபேசி வரிசை, ஒரே மாதிரி ஆட்சேர்ப்பு. ஆறு நல்லவர்களும் ஒரு பக்கம், ஆறு சுமாரானவர்களும் மறுபக்கம் என்று தற்செயலாகப் பிரிந்திருப்பார்களா? நடக்கக் கூடாததல்ல. ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புள்ளி போட்ட கையை.

அந்த இருவரிடமும் படிவத்தில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றிக் கேட்டால் விஷயம் வெளிச்சமாகும். "வேலையை நேரத்துக்கு முடித்தல்" என்ற வரிக்கு 1 முதல் 5 வரை புள்ளி. ஒருவர் தன் வேலையைப் பிழையில்லாமல், சொன்ன நேரத்துக்குள் முடிக்கிறார். அதற்கு எத்தனை?

"வேலையைச் சரியாச் செய்யிறான். அப்ப 4 தானே? 3 போட்டா அவனைக் குறை சொன்ன மாதிரியெல்லோ இருக்கும்" என்பார் முதலாமவர்.

"சரியாச் செய்தா 3. அது சம்பளம் வாங்கிச் செய்யிற வேலை. 4 எண்டா அதுக்கு மேல ஏதாவது செய்திருக்க வேணும்" என்பார் இரண்டாமவர்.

இருவரும் நேர்மையானவர்கள்தான். இருவரும் ஒரே வேலையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் 5க்கு 4 என்பது 100க்கு 80, 5க்கு 3 என்பது 100க்கு 60. ஒரு சொல்லை இரண்டு விதமாக வாசித்ததில் மட்டும் 20 புள்ளி வந்துவிட்டது. மேலே உள்ள இரண்டு குழுக்களின் சராசரியைக் கணக்கிட்டால் 87, 66. இடைவெளி 21. ஊழியர்களைப் பற்றி ஒன்றுமே பேசாமல் அந்த இடைவெளியைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விளக்கிவிட முடிகிறது.

இது ஓரிரு அலுவலகங்களின் குறை அல்ல. 2000ஆம் ஆண்டில் ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் ஆகிய மூவரும் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 4,492 முகாமையாளர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மேலதிகாரிகள், இரண்டு சக ஊழியர்கள், இரண்டு கீழ் ஊழியர்கள் புள்ளி போட்டிருந்தார்கள். ஒருவரையே பலர் மதிப்பிட்டதால், புள்ளி வித்தியாசத்தில் எவ்வளவு மதிப்பிடப்பட்டவரால் வருகிறது, எவ்வளவு மதிப்பிட்டவரால் வருகிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. பாதிக்கு மேற்பட்ட வித்தியாசம் புள்ளி போட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்தே வந்திருந்தது. ஊழியரின் செயலாற்றுகையிலிருந்து வந்த பங்கு அதைவிட மிகக் குறைவு. இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். "பாதிப் புள்ளி பொய்" என்று இதற்கு அர்த்தமில்லை. ஆளுக்கு ஆள் புள்ளி வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி புள்ளி போட்டவரைப் பற்றிய தகவல் என்பதுதான் அர்த்தம்.

கையின் பழக்கம் மூன்று விதமாக வெளிப்படும்.

முதலாவது, கை தாராளமா இறுக்கமா என்பது. சராசரியைப் பார்த்தாலே தெரியும். காரணம் மேலே சொன்ன சொல் வாசிப்பு மட்டுமல்ல. குறைந்த புள்ளி போட்டால் அடுத்த நாள் காலை அதே ஆள் இரண்டு மேசை தள்ளி வந்து உட்காருவார், ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவேண்டும். "நம்ம பிள்ளைகளுக்குச் சம்பள ஏற்றம் வாங்கிக் கொடுக்கவேண்டும்" என்ற நல்லெண்ணமும் உண்டு. பக்கத்துப் பிரிவுக்காரர் தாராளமாகப் போடுவார் என்று தெரிந்தால் அது இன்னும் கூடும்.

இரண்டாவது, புள்ளிகளின் பரவல். முதலாமவர் 82க்கும் 91க்கும் இடையிலேயே நிற்கிறார். இரண்டாமவர் 54 முதல் 81 வரை அகட்டிப் போடுகிறார். முதலாமவரிடம் நான்கு புள்ளி வித்தியாசம் பெரிய வித்தியாசம், இரண்டாமவரிடம் அது ஒன்றுமேயில்லை. சராசரியை மட்டும் சரிசெய்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஒரு குணத்தின் வெளிச்சம் எல்லா வரிகளிலும் விழுவது. 1920இல் எட்வர்ட் தோர்ண்டைக் இராணுவ அதிகாரிகளுக்கு மேலதிகாரிகள் போட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்து இதைக் காட்டினார். அறிவு, உடல்கட்டு, தலைமைத்துவம், குணம் என்று தனித்தனியாகப் புள்ளி கேட்டிருந்தும், எல்லாம் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. கொழும்பு அலுவலகங்களில் இதற்கு நன்கு தெரிந்த ஒரு வடிவம் உண்டு: சரளமான ஆங்கிலம். கூட்டத்தில் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறவருக்குத் தொடர்பாடலில் 5 போடுவது ஓரளவு புரிகிறது. அந்தக் கை அதே வேகத்தில் "திட்டமிடல்", "பொறுப்புணர்வு" வரிகளிலும் 5 போட்டுவிட்டுப் போகும்போதுதான், முறைப்பாட்டுக் கோப்புகளை ஒழுங்காக முடித்து, ஆனால் கூட்டத்தில் வாய் திறக்காத ஊழியர் அடிபட்டுப் போகிறார். கண்டுபிடிப்பது சுலபம். படிவத்தைக் கிடையாக வாசியுங்கள். 4, 4, 4, 5, 4 என்று ஒருவருக்கு, 3, 3, 3, 3, 3 என்று இன்னொருவருக்கு இருந்தால், அங்கே ஐந்து மதிப்பீடுகள் இல்லை. ஒரே ஒரு அபிப்பிராயம் ஐந்து தடவை எழுதப்பட்டிருக்கிறது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு நல்ல வழி இடமாற்றங்கள். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் ஒரு மேற்பார்வையாளரிடமிருந்து இன்னொருவரிடம் மாறியவர்களின் பெயரை எடுத்து, மாறுவதற்கு முந்திய புள்ளியையும் பிந்திய புள்ளியையும் பக்கத்தில் எழுதுங்கள். இறுக்கக் கையிலிருந்து தாராளக் கைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் ஏறி, எதிர்த் திசையில் போனவர்களுக்கு இறங்கியிருந்தால், ஏறி இறங்கியது ஆட்கள் அல்ல. நான்கைந்து பெயர் கிடைத்தாலே படம் தெரியத் தொடங்கும்.

இனித் திருத்தும் வழி. இலங்கையில் படித்த எவருக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும், ஏனெனில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி இதே கருத்துத்தான். ஒரு பாடத்தில் 70 எடுப்பது எளிது, இன்னொன்றில் கடினம். அதனால் வெறும் புள்ளியை ஒப்பிடாமல், அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து ஒருவர் எத்தனை நியம விலகல் மேலே அல்லது கீழே நிற்கிறார் என்று பார்க்கிறோம். நியம விலகல் என்பது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவி நிற்கின்றன என்பதன் அளவு. பாடம் என்ற இடத்தில் மேற்பார்வையாளரை வையுங்கள், அவ்வளவுதான்.

நம் எடுத்துக்காட்டில் முதலாமவரின் சராசரி 87, நியம விலகல் 3. இரண்டாமவரின் சராசரி 66, நியம விலகல் 9. இரண்டாவது குழுவின் 81ஐ எடுத்தால், 81இலிருந்து 66ஐக் கழிக்க 15, அதை 9ஆல் வகுக்க 1.67. முதல் குழுவின் 91க்கு 4ஐ 3ஆல் வகுக்க 1.33. அதே குழுவின் 90க்கு 1.00. இரண்டாவது குழுவின் 72க்கு 0.67. முதல் குழுவின் 82க்கு மைனஸ் 1.67. நான்கு பேருக்குத்தான் மேலதிக சம்பள ஏற்றம் என்று வைத்தால், வெறும் புள்ளிப்படி நால்வரும் முதல் குழு. திருத்திய பின் முதல் குழுவில் இருவர், இரண்டாவது குழுவில் இருவர். 81 எடுத்தவர் பட்டியலின் உச்சிக்கு வருகிறார்.

எக்செலில் ஒரு மேற்பார்வையாளரின் ஆறு புள்ளிகள் B2 முதல் B7 வரை இருந்தால், C2இல் இதை எழுதி கீழே இழுத்தால் போதும்:

```
=(B2-AVERAGE(B$2:B$7))/STDEV.P(B$2:B$7)
```

ஒவ்வொரு மேற்பார்வையாளருக்கும் தனித்தனி எல்லை கொடுக்க வேண்டும். எல்லோரையும் ஒரே எல்லைக்குள் போட்டால் எதுவும் திருந்தாது. அதிகம் நடக்கும் தவறு இதுதான். சில பட்டியலில் `#DIV/0!` என்று வரும். அந்த மேற்பார்வையாளர் எல்லோருக்கும் ஒரே புள்ளி போட்டிருக்கிறார், பரவல் பூச்சியம், வகுக்க வழியில்லை. அங்கே எந்தக் கணக்கும் உதவாது, தகவலே இல்லாத பட்டியல் அது. திருப்பி அனுப்பி மறுபடி மதிப்பிடச் சொல்வதுதான் வழி.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. இந்தக் கணக்குக்குள் இரண்டு குறைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. முதல் குழுவின் கடைசி ஆள் 82க்குப் பதிலாக 60 எடுத்திருந்தால் என்ன நடக்கும் என்று போட்டுப் பாருங்கள். சராசரி 83.3ஆக இறங்கும், நியம விலகல் 3இலிருந்து சுமார் 10.6ஆகப் பாயும். 91 எடுத்தவரின் இசட் புள்ளி 1.33இலிருந்து 0.72ஆகச் சரியும். 90 எடுத்தவர் 0.63க்குப் போய், இரண்டாவது குழுவின் 72க்குக் கீழே விழுவார். அவர்கள் இருவரும் எதுவும் செய்யவில்லை, பக்கத்து மேசைக்காரரின் புள்ளி மாறியது, அவ்வளவுதான். இதற்கு மாற்று: சராசரியையும் நியம விலகலையும் இந்த வருடப் புள்ளிகளில் மட்டும் எடுக்காமல், அதே மேற்பார்வையாளர் அதே படிவத்தில் மூன்று வருடங்களாகப் போட்ட எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து எடுங்கள். ஆறுக்குப் பதிலாக பதினெட்டு எண்கள் கிடைக்கும். நாம் அளக்க விரும்புவது கையின் பழக்கத்தை. பழக்கம் வருடா வருடம் அதிகம் மாறாது, அதனால் இது நியாயமான வழி. படிவம் மாறியிருந்தால் பழைய வருடங்களைச் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இரண்டு குழுக்களும் சராசரியாக ஒரே தரம் என்று இசட் புள்ளி எடுத்துக்கொள்கிறது. உண்மையிலேயே ஒரு குழு சிறந்ததாக இருந்தால் அந்தச் சிறப்பையும் கை தாராளம் என்று நினைத்துத் துடைத்துவிடும். 2011 உயர்தரப் பரீட்சையில் நடந்ததை நினைவிருக்கும். பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் சேர்த்து இசட் புள்ளி கணிக்க, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அவர்களை இரண்டு வெவ்வேறு தொகுதிகளாகக் கொண்டு மறுபடி கணிக்க வேண்டியதாயிற்று. வகுத்தல் சரியாக இருந்தாலும், எவரை எவரோடு சேர்த்து வகுக்கிறோம் என்பது பிழைத்தால் விடை பிழைதான். அப்ரைசலிலும் அப்படியே. புதிதாகச் சேர்ந்த பயிலுநர்கள் மட்டும் உள்ள குழுவையும் பத்து வருட அனுபவசாலிகளின் குழுவையும் இந்தக் கணக்கால் சமப்படுத்தினால் அநியாயம்.

இடைவெளி கையால் வந்ததா, குழுவின் உண்மையான தரத்தால் வந்ததா என்று தெரிந்துகொள்ள, சில பேரை இரண்டு மேற்பார்வையாளர்களும் மதிப்பிட வேண்டும். விடுமுறைக் காலப் பொறுப்பு, மாறிவரும் ஷிஃப்ட், சேர்ந்து செய்த வேலை என்று இருவரும் நேரில் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். கேள்விப்பட்டதை வைத்துப் போடும் புள்ளிக்கு மதிப்பில்லை. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கவும் கூடாது. நம் எடுத்துக்காட்டில் குழுவுக்கு இருவராக நான்கு பேரை எடுத்தோம் என்க. முதலாமவர் போட்டவை 90, 87, 89, 82. அதே நால்வருக்கு இரண்டாமவர் போட்டவை 78, 73, 72, 57. வித்தியாசங்கள் 12, 14, 17, 25. சராசரி 17.

இப்போது தெரிகிறது. ஒரே ஆட்களைப் பார்த்தபோதே இரண்டு கைகளுக்கும் 17 புள்ளி வித்தியாசம். குழுக்களின் இடைவெளி 21. ஆக 21இல் 17 கையின் வேலை. மிச்சம் 4 புள்ளி முதல் குழு உண்மையில் கொஞ்சம் மேல் என்பதாக இருக்கலாம். ஆனால் தனித்தனி வித்தியாசங்கள் 12இலிருந்து 25 வரை ஆடும்போது, நான்கே பேரை வைத்து அந்த 4ஐ உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே இங்கே இசட் புள்ளியைப் பயன்படுத்துவது நியாயம். பொதுவான நால்வரின் வித்தியாசம் 17க்குப் பதிலாக 5 என்று வந்திருந்தால் கதை வேறு: இடைவெளியின் பெரும்பகுதி ஊழியர்களுடையது, இசட் புள்ளியால் சமப்படுத்தக் கூடாது. சராசரிகளை அப்படியே விட்டு, இரண்டாமவரின் புள்ளிகளில் அந்த 5ஐ மட்டும் கூட்டி ஒப்பிடுங்கள்.

எப்படியானாலும், விளைந்த பிழையைக் கணக்கால் திருத்துவதைவிட முளைக்கவிடாமல் தடுப்பது மேல். அதற்கு இரண்டு வேலைகள் பெரிய பலன் தரும்.

ஒன்று, 3 என்றால் என்ன, 4 என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுவது. பரீட்சைத் தாள் திருத்துபவர்களுக்குப் புள்ளித் திட்டம் கொடுப்பது போல. "தொடர்பாடல்: நன்று, மிக நன்று" என்று விட்டால் ஆங்கிலம் பேசுகிறவர் ஜெயிப்பார். பதிலாக இப்படி எழுதுங்கள். 2: வாடிக்கையாளர் பேசும் மொழி தெரியாவிட்டால் காத்திருக்க விடுகிறார், அல்லது பதில் வரும் நாளைச் சொல்லாமல் முடிக்கிறார். 3: சிங்களமோ தமிழோ ஆங்கிலமோ, தனக்குத் தெரியாத மொழி என்றால் தெரிந்தவரிடம் உடனே இணைக்கிறார், பதில் வரும் நாளைச் சொல்கிறார். 4: அதோடு, பேசியதைச் சுருக்கமாகப் பதிந்து வைக்கிறார். அதனால் அடுத்த தடவை அழைப்பு எடுப்பவர் வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்கத் தேவையில்லை. இதை மனிதவளப் பிரிவு தனியே உட்கார்ந்து எழுதினால் மேற்பார்வையாளர்கள் பழையபடியே வாசிப்பார்கள். அவர்களே கூடி எழுத வேண்டும். எழுதிய பின், கற்பனையான ஒரு ஊழியரைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தனியாகப் புள்ளி போட்டு, ஒரே நேரத்தில் காட்டச் சொல்லுங்கள். 2ம் 4ம் வந்தால், இருவரும் குறிப்பில் எந்த வரியைப் பார்த்து அப்படிப் போட்டார்கள் என்று பேசவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று குறிப்புகள் பார்க்கலாம். இங்கேதான் உண்மையான திருத்தம் நடக்கிறது.

இரண்டு, படிவத்தை ஆள் ஆளாக நிரப்பாமல் வரி வரியாக நிரப்புவது. முதலில் "நேரத்துக்கு முடித்தல்" என்ற ஒன்றை எடுத்து ஆறு பேருக்கும் போடுங்கள். பிறகு அடுத்த வரி, இந்தத் தடவை ஆறு பேரின் வரிசையையும் மாற்றி. ஒருவரைப் பற்றிய மொத்த அபிப்பிராயம் வரிக்கு வரி வழிந்தோடுவது இதனால் குறையும், அடியோடு நிற்காது. செலவு எதுவுமில்லை, எக்செலில் நிரல்களை மாற்றி அமைத்தால் போதும்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு 5, ஒருவருக்கு 2 என்று கட்டாயப் பங்கீடு வைப்பதைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஆறு பேர் குழுவுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம். ஆறு பேரும் நன்றாகச் செய்த வருடத்தில் ஒருவரைப் பலி கொடுக்கச் சொல்கிறது அது.

திருத்திய புள்ளியைச் சம்பள ஏற்றம், பதவி உயர்வு போன்ற ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஊழியரோடு உட்கார்ந்து பேசும்போது மேற்பார்வையாளர் போட்ட மூலப் புள்ளியும், அதற்கு அவர் காட்டும் செயல்களும் மேசையில் இருக்கட்டும். "உங்களுக்கு மைனஸ் 0.67" என்று எவரிடமும் சொல்லக் கூடாது. அதிலிருந்து அவர் எதைத் திருத்திக்கொள்வார்? மேற்பார்வையாளருக்கோ அவருடைய எண்களைக் காட்டத்தான் வேண்டும்: உங்கள் சராசரி 87, மற்றவருடையது 66, நீங்கள் இருவரும் பார்த்த நால்வருக்கு 17 புள்ளி வித்தியாசம். தன் கை தாராளம் என்று பலருக்குத் தெரியவே தெரியாது, யாரும் பக்கத்தில் வைத்துக் காட்டியதில்லை.

அடுத்த வருடம் அதே மாதிரி நான்கு பேரை மறுபடி இருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். 17 என்பது 6, 7 என்று வந்தால் எழுதிய வரையறைகள் வேலை செய்கின்றன. 17 அப்படியே நின்றால், புள்ளி போடும்போது அந்தத் தாளை யாரும் திறக்கவில்லை.